இங்கே விடிகாலை, அங்கே தூங்கும் நேரம்

வடக்குத்தில் காலை 5.30 மணி ஆகும்போது டொரண்டோவில் முதல் நாள் இரவு 8 மணி. இது கோடைக்காலக் கணக்கு. பனிக்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது இங்கே 6.30. இந்த இரண்டு நேரத்தையும் என் அம்மா தினசரி காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறார். தம்பி மகளுக்கு ஏழு வயது. அவள் படுக்கப் போகும் நேரத்துக்கு ஆயா கதை சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் வீடியோ காலில் சொல்லிப் பார்த்தார். கதை நகரவில்லை. முகம் தெரிந்ததும் குழந்தை தன் பொம்மையைக் காட்டும், விழுந்த பல்லைக் காட்டும், திரை உறைந்து நிற்கும், சிங்கம் கிணற்றை எட்டிப் பார்ப்பதற்குள் அவளுடைய அம்மா கூப்பிட்டுத் தூங்க வைத்துவிடுவாள். ஒருநாள் இணைப்பு கிடைக்காமல், கதையைக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார் அம்மா. மறுநாள் தம்பி சொன்னான்: விளக்கை அணைத்துவிட்டு மூன்று தடவை கேட்டாளாம். காட்ட முகம் இல்லாதபோது காது வேலை செய்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கதை பதிவாகிறது.

பக்கத்து அறையில் இன்னொரு கேட்பவர் இருக்கிறார். என் பெரியப்பா, 83 வயது. நெய்வேலி சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்த பலரும் செய்ததைப் போல ஆர்ச் கேட்டைத் தாண்டி வடக்குத்துப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டினார். பணியில் இருந்த காலம் முழுக்கக் கையில் வார இதழோடு இருந்தவருக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை. காதும் மந்தம். அவருக்கும் கதை வேண்டும். ஆனால் பேத்திக்கு அனுப்பிய பதிவைப் போட்டுக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் கையை ஆட்டி நிறுத்தச் சொல்லிவிடுவார்.

தமிழில் ஒலிப்புத்தகம், கதை பாட்காஸ்ட் என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள். ஒரு நல்ல புத்தகத்தை நல்ல குரலில் வாசித்துவிட்டால் எல்லாருக்கும் ஆகும் என்று நினைக்கிறார்கள். அயல்நாட்டில் வளரும் குழந்தைக்கும் கண் மங்கிய பெரியவருக்கும் கேட்கும் தமிழே வேறு. குழந்தைக்கு வீட்டில் காதில் விழுவது பேச்சுத் தமிழ்; "அவன் ஆற்றங்கரையை அடைந்தான்" என்று வாசித்தால் அதில் பாதிச் சொல் அதற்குப் புதிது. பெரியவர் வாழ்நாளெல்லாம் படித்தது எழுத்துத் தமிழ். அதே வரியைக் கொச்சையாக்கிச் சொன்னால் அவருக்குக் கதை படித்த நிறைவே வருவதில்லை. ஆகவே, எந்தக் கதை என்று தேடுவதற்கு முன்னால் எந்தக் காதுக்கு, எந்தத் தமிழில் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

குழந்தைக்கு நாங்கள் முதலில் எடுத்தது பரமார்த்த குரு கதை. இத்தாலியில் பிறந்து தமிழில் எழுதிய வீரமாமுனிவரின் படைப்பு. அவர் இறந்தது 1747இல். கதை 1822இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. உரிமை கேட்க வேண்டிய நிலை எப்போதோ தாண்டிவிட்டது. அதில் குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கும் கதை ஒலிக்கென்றே செய்ததைப் போல இருக்கும். ஆறு விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பார்கள், அது சீறும். கடந்தபின் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒவ்வொரு முறையும் ஐந்து பேர்தான் வரும். ஒருத்தனை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுவார்கள்.

அம்மா இதைப் பதிவு செய்து அனுப்பினார். மறுநாள் பேத்தியிடமிருந்து ஒரு கேள்வி குரல் பதிவாக வந்தது.

"ஆயா, ஆறு தூங்குதுன்னா... நம்பர் தூங்குதா?"

அவளுக்கு 'ஆறு' என்றால் ஐந்துக்கு அடுத்த எண். ஓடுகிற ஆறு அவள் காதில் விழுந்ததே இல்லை. அவர்கள் வீட்டில் அதற்கு 'ரிவர்' என்றே பெயர். ஆறு பேர், ஆற்றைக் கடந்து, ஆறாவது ஆளைத் தேடுகிற கதையில் இந்த ஒரு சொல் விளங்கவில்லை என்றால் எதுவும் மிஞ்சாது. இங்கே வளர்ந்த நமக்கு இது ஒரு சிக்கலாகவே தோன்றியிருக்காது. அச்சுப் புத்தகத்தில் பக்கத்துப் படம் காப்பாற்றிவிடும். ஒலியில் படம் கிடையாது.

இரண்டாம் முறை அம்மா மாற்றிச் சொன்னார். கதையின் தொடக்கத்தில், "மழை பேஞ்சா தண்ணி ஓடுமே, படகு போகுமே, அதுக்குப் பேரும் ஆறுதான் கண்ணு. எண்ணுற ஆறும் ஆறு, ஓடுற ஆறும் ஆறு" என்று ஒரு வரி சேர்த்தார். அதன்பின் ஓடுகிற ஆறு வரும் இடத்திலெல்லாம் 'ஆத்துத் தண்ணி' என்றார். பதவுரை சொல்வது வேறு, கதைக்குள்ளேயே சொல்லை அறிமுகம் செய்வது வேறு. முதலாவது வகுப்பறை, குழந்தை உடனே கண்டுகொண்டு விலகிவிடும். ஒரு கதைக்கு இப்படி நான்கைந்து புதுச் சொற்களுக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது என்று எங்களுக்குப் பட்டது. வைத்த சொல்லை அந்தக் கதையிலேயே மூன்று நான்கு முறை திரும்ப வரவழைக்க வேண்டும். இந்தக் கதையில் கொள்ளிக்கட்டை, சீடன், கரை, எண்ணு ஆகிய நான்கும் தாமாகவே திரும்பத் திரும்ப வருகின்றன.

எண்ணும் இடத்தில் இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தமிழ்ப் பள்ளியில் அவளுக்குச் சொல்லித் தருவது ஒன்று, இரண்டு, மூன்று. வீட்டில் ஒண்ணு, ரெண்டு, மூணு. கதை சொல்கிறவர் குரல் பள்ளித் தமிழுக்கு அருகில் எளிமையாக இருக்கட்டும், கதைமாந்தர் வாயில் வருவதெல்லாம் பேச்சுத் தமிழாக இருக்கட்டும் என்று பிரித்தோம். சீடர்கள் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார்கள், ஆயா "ஐந்து பேர்தான் இருக்கிறார்கள்!" என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று குழந்தை தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. மூன்றாவது தடவை எண்ணும்போது ஆயா எண்ணிக்கைக்கு நடுவே மூச்சுவிடும் நேரம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் டொரண்டோவில் ஒரு சின்னக் குரல் "அவனை விட்டுட்டான்!" என்று கத்துவதாகத் தம்பி சொன்னான். முட்டாள் சீடனுக்கு முன்னால் குழந்தை விடையைக் கண்டுபிடிக்க அந்த நிறுத்தம் வேண்டும். எடிட் செய்கிறவர்கள் மௌனம் என்று நினைத்து வெட்டிவிடும் இடமும் அதுவே.

மூலத்தில் சீடர்களின் பெயர்கள் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். நான்கைக் குழந்தை சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளும். மிலேச்சன் என்ற பெயரை நாங்கள் மாற்றிவிட்டோம். அந்நியரை இழிவாகச் சொல்ல எழுந்த சொல் அது. அந்நிய நாட்டில், வகுப்பில் தனித்துத் தெரியும் நிறத்தோடு வளரும் குழந்தைக்கு அதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய கதைகளை எடுக்கிறவர்கள் இப்படி ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: எங்கள் கடலூர் மாவட்டப் பேச்சு எல்லாக் குழந்தைக்கும் வீட்டுப் பேச்சு ஆகாது. டொரண்டோவிலும் சூரிச்சிலும் தமிழ்க் குழந்தைகளில் பெரும்பங்கு ஈழத்துக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்கள் வீட்டில் பேசுவதற்கே 'கதைக்கிறது' என்று பெயர். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பேச்சுத் தமிழை உண்டாக்கப் பார்த்தால் சினிமாத் தமிழ்தான் வரும். யாழ்ப்பாணத்து அம்மம்மா யாழ்ப்பாணத் தமிழிலும், வடக்குத்து ஆயா இந்த ஊர்த் தமிழிலும் தனித்தனியாகச் சொல்லட்டும். ஒரே கதைக்கு இரண்டு பதிவு இருந்தால் குழந்தை இரண்டையும் கேட்கும்.

இனி பெரியப்பா பக்கம்.

வயதானால் முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள் கேட்கும் திறன். தமிழில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த, கனத்த ஒலிகள். அவை கடைசிவரை கேட்கும். க், ச், ட், த், ப் போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் கூர்மையான பகுதி உயரத்தில் இருக்கிறது, அதுதான் மங்குகிறது. அதனால்தான் பெரியவர்கள் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னு தெரியலை" என்பார்கள். சத்தத்தைக் கூட்டினால் உயிரொலிதான் இன்னும் முழங்கும், சொல் தெளியாது. மெதுவாக, சொல்லின் முதலெழுத்தை அழுத்தி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் வாசித்தால்தான் தெளியும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. போனானா, போகவில்லையா என்பதே அந்தக் கடைசி எழுத்துகளில் இருக்கிறது. அனுபவமில்லாத வாசிப்பாளர் மூச்சு தீர்ந்து அங்கேதான் குரலை இறக்குவார்.

முதல் மாதம் நான் செய்த தவறு ஒன்று. மின்விசிறி ஓட எடுத்த பதிவில் 'ர்ர்' என்ற இரைச்சல் இருந்தது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் `Noise Reduction` போட்டு இரைச்சலை முழுக்க அழித்தேன். என் காதுக்குச் சுத்தமாக இருந்தது. பெரியப்பா கேட்டுவிட்டு, "பானைக்குள்ள உக்காந்து பேசுறாப்ல இருக்கு" என்றார். 'பட்டு' என்றதா 'கட்டு' என்றதா என்று அவருக்குத் தெரியவில்லை. இரைச்சலோடு சேர்த்து மெய்யெழுத்தின் கூர்மையையும் அந்த வடிகட்டி சீவிவிடுகிறது. இப்போது அந்த அளவை 6 டெசிபலுக்கு மேல் வைப்பதில்லை. அதற்கு அடங்காத இரைச்சல் இருந்தால் மறுபடி பதிவு செய்வதுதான் வழி.

பதிவு செய்யும் இடமும் நேரமும்தான் பெரும்பாதி வேலை. எங்கள் ஊர் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலை மேல் இருக்கிறது. கும்பகோணம் பேருந்துகளின் ஹாரன் பகலெல்லாம் கேட்கும். ஆடி மாதம் என்றால் கோயில் ஒலிபெருக்கி. காலை நாலரை முதல் ஐந்தரை வரைதான் அமைதி. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, எதிரே கட்டிலில் மெத்தையைச் சாய்த்து நிறுத்தி, நடுவில் உட்கார்ந்தால் எதிரொலி வராது. வெறும் சுவர் அறையில் எடுத்தால் குரல் கிணற்றிலிருந்து வருவதைப் போல இருக்கும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. சாதாரண போன் போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேருக்கு நேர் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேரே பிடித்தால் 'ப' வரும் இடத்திலெல்லாம் காற்று புஸ்ஸென்று மோதும். பேசத் தொடங்கும் முன் பத்து நொடி சும்மா இருக்க வேண்டும். அந்த அறையின் வெறும் அமைதி பதிவானால், பிறகு வெட்டி ஒட்டும் இடங்களை அதை வைத்து நிரப்பலாம்.

பேச்சுக்கு அடியில் இசை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தொடக்கத்தில் ஐந்து நொடி மணியோசை போதும். பெரியவர் காதுக்கு வீணை இசையும் சொல்லும் ஒரே குழம்பாகப் போகும். தமிழை இன்னும் பழகிக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் அப்படியேதான்.

பெரியப்பாவுக்கு என்ன வாசிப்பது என்று எங்களுக்குக் குழப்பமே இல்லை. 'பொன்னியின் செல்வன்'. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை. அது தொடங்குவது ஆடிப் பதினெட்டில், வீராணம் ஏரிக்கரையில். எங்கள் மாவட்டத்து ஏரி. கல்கியின் எழுத்துகளை 1999இல் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. யாரும் வாசித்து வெளியிடலாம். பாம்பே கண்ணன் பல நடிகர்களை வைத்து நாடகமாகவே இதை ஒலிவடிவில் கொண்டுவந்திருக்கிறார். தீபிகா அருணின் 'கதை ஓசை'யில் ஒற்றைக் குரல் வாசிப்பு இருக்கிறது. இரண்டும் பெரிய உழைப்பு. பெரியப்பாவுக்கு இரண்டையும் போட்டுக் காட்டினேன். நாடக வடிவத்தில் குதிரைக் குளம்பொலியும் பல குரல்களும் கலந்து வரும்போது யார் பேசுகிறார்கள் என்று அவரால் தொடர முடியவில்லை. காது நன்றாக இருக்கும் என் அம்மா அதைத்தான் விரும்பிக் கேட்கிறார். பெரியப்பாவுக்கு ஒற்றைக் குரல் ஒத்துவந்தது.

குரல் கிடைத்தபின் அடுத்த சிக்கல் பெட்டி. அவர் போன் தொடமாட்டார். பென்டிரைவ் சொருகும் எஃப்.எம். பெட்டி ஒன்று வாங்கினோம். சுக்கல் சுக்கலாகக் கதை பாடியது: முதல் அத்தியாயம் முடிந்ததும் பத்தாவது தொடங்கியது, பிறகு பதினொன்று. கோப்புகளின் பெயர் 1, 2, 10 என்று இருந்தால் இப்படிப்பட்ட பெட்டி எழுத்து வரிசைப்படி 1, 10, 11, 2 என்று எடுத்துக்கொள்ளும். `001.mp3`, `002.mp3`, `010.mp3` என்று மூன்று இலக்கத்தில் பெயர் வைத்ததும் சரியானது. 293 அத்தியாயங்களுக்கு மூன்று இலக்கம் போதும். சில பெட்டிகள் பெயரைப் பார்க்காமல் நகலெடுத்த வரிசையிலேயே பாடும். அதற்கு ஒவ்வொன்றாக வரிசைப்படி நகலெடுக்க வேண்டும். மலிவுப் பெட்டி பலவற்றுக்கு மின்சாரம் போனால் விட்ட இடம் நினைவிருக்காது. அதனால் நீண்ட அத்தியாயங்களைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் "முதல் பாகம், மூன்றாவது அத்தியாயம், இரண்டாம் பகுதி" என்று சொல்லிவிட்டு வாசிப்பது நல்லது. இப்போது நானே வாசித்துத் தருகிறவற்றை அப்படித்தான் செய்கிறேன். 64 கேபிபிஎஸ், மோனோ எம்பி3யாக வைத்தால் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஆறு எம்.பி.க்குள் அடங்கும், ஒரு சின்ன பென்டிரைவில் முழு நாவலும் ஏறிவிடும்.

இந்த நீளத்துக்கு வானொலியில் முன்மாதிரி உண்டு. தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொன்னது சில நிமிடம்தான். ஒரு செய்தி, ஒரு சின்னக் கதை, முடிவில் ஒரு சிரிப்பு. அவசரமில்லாத குரல், வாசிப்பதாகவே தோன்றாது, திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைப் போல இருக்கும். பெரியவர்களுக்குப் புதிதாக நிகழ்ச்சி செய்ய நினைக்கிறவர்கள் நாவலுக்குப் போகும் முன் அந்த அளவில் பத்துக் கதை செய்து பார்க்கலாம். உங்கள் குரலில் எங்கே மூச்சு தீர்கிறது என்பது அந்தப் பத்தில் தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் கேட்பதோடு நில்லாமல் பாட்காஸ்ட்டாக வெளியிடுவதாக இருந்தால் உரிமையைப் பார்த்தே ஆக வேண்டும். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள்வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். புதுமைப்பித்தன் இறந்தது 1948இல், தடையில்லை. கி. ராஜநாராயணன் இறந்தது 2021இல். அவர் எழுதிய கதைகளுக்கு 2081 டிசம்பர்வரை அனுமதி வேண்டும். நாட்டுப்புறக் கதை எல்லாருக்கும் பொது, ஆனால் அவர் எழுதிய சொற்கள் அவருடையவை. உங்கள் ஆயா தன் வாயால் சொன்ன அதே கதையைத் தாராளமாக வெளியிடலாம். பரமார்த்த குருவிலும் இப்படித்தான்: பழைய மூலம் பொது, இன்றைய எழுத்தாளர் மறுபடி எழுதிய பதிப்பு அவருடையது. இன்றைய சிறுவர் கதைகள் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிறைய இருக்கின்றன. எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்களையும் உரிம விவரத்தையும் சொல்லிவிட்டால் பதிவு செய்து வெளியிட அங்கே அனுமதி இருக்கிறது. அந்தப் பெயர்களைப் பதிவின் கடைசியில் வாய்விட்டே சொல்லுங்கள்.

பெரியப்பாவுக்கும் பேத்திக்கும் ஒரே பதிவு ஒத்துவருவதில்லை என்று மேலே சொன்னேன். ஒரு விதிவிலக்கு வந்தது. வடலூரில் தைப்பூசத்துக்குத் தான் சிறுவயதில் முந்திரிக்காடு வழியாக நடந்துபோன கதையைப் பெரியப்பா தானே சொல்லிப் பதிவு செய்தார். ஒன்பது நிமிடம். பேத்தி அதை விரும்பிக் கேட்கிறாள். பெரியப்பாவும் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதை அவருக்குத் தெளிவாகக் கேட்கும்படி சொல்லத் தெரிந்தவர் அவராகத்தான் இருந்தார்: மெதுவாக, கடைசிச் சொல்லை விழுங்காமல். பக்கத்துத் தெரு நண்பர்கள் இரண்டு பேரிடமும் இப்போது போனைக் கொடுத்திருக்கிறோம். நெய்வேலி ஊர் உருவாகும்போது இருந்தவர்கள் அவர்கள்.

உங்கள் வீட்டில் கதை தெரிந்த பெரியவர் இருந்தால், வருகிற ஞாயிறு விடிகாலையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனை ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். முதலில் தன் பெயர், ஊர், தேதி மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அவர் போக்கில் பேச விடுங்கள். பதிவை போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். அன்றே இன்னொரு இடத்தில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.